தராசுத் தட்டில் ஒட்டிய புளி

மூலக்குளத்தில் எங்கள் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினார். தனியாக ஓட்டும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போகும். குடும்பத்தோடு விழுப்புரம் சாலையில் கிளம்பி, வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் விளக்கு எரியும். அடுத்த நொடி வண்டி சோர்ந்துபோகும். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் இழுவை திரும்பிவிடும். விளக்கு மட்டும் போகாது.

அதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால், மூன்றாம் நாள் காலையில் எஞ்சின் முனகிக்கொண்டே கிளம்பும். கிளம்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரியும். சில நாள் எரியும், சில நாள் எரியாது.

ஒரு பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார்கள். திரையில் `P0087` என்று வந்தது. எரிபொருள் அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். "ஹை பிரஷர் பம்ப் போச்சு, மாத்தணும்" என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நண்பர் என்னிடம் வந்து கேட்ட கேள்வி எளிமையானது. "பம்ப் வீக்குன்னா வண்டி இழுக்கக் கூடாதுல்ல சார்? இது மத்த நேரத்துல பிச்சிக்கிட்டுப் போவுதே?"

புதிருக்கான விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

விளக்கு என்ன சொல்கிறது?

டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கை நாம் பெரும்பாலும் ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம். 'இந்தப் பாகம் கெட்டுவிட்டது' என்று வண்டி சொல்வதாக நினைக்கிறோம். வண்டிக்குள் இருக்கும் கணினிக்கு அவ்வளவு தெரியாது. அதற்குக் கண் இல்லை. எஞ்சினைப் பற்றி அதற்குத் தெரிந்ததெல்லாம் சென்சார்கள், அதாவது உணரிகள், கம்பி வழியாக அனுப்பும் மின்னழுத்தம் மட்டும்தான்.

கணினி ஒன்றைக் கேட்கிறது. ஒன்று கிடைத்ததாகச் சேதி வருகிறது. இரண்டும் பொருந்தினால் பேசாமல் இருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பொருந்தாவிட்டால் ஒரு பிழைக்குறியைப் பதிந்துகொண்டு விளக்கை ஏற்றும். ஆகவே `P0087` என்பதைச் சரியாக மொழிபெயர்த்தால் இப்படி வரும்: 'நான் கேட்ட அழுத்தம் வந்து சேர்ந்ததாக எனக்குச் சேதி வரவில்லை.' அழுத்தமே வரவில்லையா, வந்தும் சேதி மாறிப்போனதா என்பது அதற்குத் தெரியாது.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலில் ஓபிடி-2 என்ற தன்னாய்வு முறை கட்டாயமானது. அதனால்தான் இன்று எந்தப் பட்டறையிலும் சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகி இந்தப் பிழைக்குறிகளைப் படிக்க முடிகிறது. படிப்பது எளிதாகிவிட்டது. ஆனால் சேதி போகும் வழியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதை ஸ்கேனர் காட்டாது. அந்த இடத்தில்தான் வெளியில் வாங்கி மாட்டிய கருவிகள் வந்து உட்காருகின்றன.

நண்பரின் காரில் முந்தைய உரிமையாளர் மாட்டியவை நான்கு: சைரன் வைத்த திருட்டு அலாரம், இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் டிராக்கர், கண்ணாடியில் ஒட்டிய கேமரா, பானட்டுக்குள் தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. கடைசியாகச் சொன்னதை ட்யூனிங் பாக்ஸ் என்பார்கள். நாம் முடுக்குப் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

படிக்கல் தட்டின் அடியில்

இன்றைய டீசல் எஞ்சினில் பம்ப் ஒன்று டீசலை அழுத்தி, காமன் ரெயில் என்ற தடித்த குழாயில் தேக்கி வைக்கிறது. அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகின்றன. அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணினி நொடிக்கு நொடி தீர்மானிக்கிறது. சும்மா நிற்கும்போது சுமார் 250, 300 பார் போதும். முழு இழுவைக்கு இந்த வகை எஞ்சினில் 1,600 பார் வரை வேண்டும். கார் டயரில் நாம் நிரப்பும் காற்று 2 பாருக்குச் சற்று அதிகம். அதை வைத்து இதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ரெயிலின் முனையில் திருகியிருக்கும் அழுத்த உணரி மூன்று கம்பி உள்ளது. ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், நடுவில் உள்ளது சேதிக் கம்பி. அழுத்தம் இல்லாதபோது சேதிக் கம்பியில் 0.5 வோல்ட் இருக்கும். அழுத்தம் ஏற ஏற வோல்ட்டும் ஏறும். நண்பரின் காரில் இருந்த உணரி 1,800 பாரில் 4.5 வோல்ட் காட்டும் வகை.

முடுக்குப் பெட்டி இந்தச் சேதிக் கம்பியை இடைமறிக்கிறது. உணரியின் கப்ளரைக் கழற்றி நடுவே பெட்டியைச் செருகுவார்கள். உண்மையில் 800 பார் இருந்தால் பெட்டி 700 என்று கணினிக்குச் சொல்லும். கணினி 800 கேட்டிருந்ததால், 'இன்னும் போதவில்லை' என்று பம்பை இன்னும் அழுத்தச் சொல்லும். பெட்டி 800 என்று சொல்லும்போது ரெயிலில் உண்மையில் 915 பார் அளவுக்கு ஏறியிருக்கும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறவில்லை. அழுத்தம் கூடியதால் அதே நேரத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் டீசல் உள்ளே போகிறது. வண்டி பிய்த்துக்கொண்டு போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

பழைய மளிகைக் கடைக் கதைகளில் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். கடைக்காரர் சரக்குத் தட்டின் அடியில் ஒட்டினால் வாங்குபவருக்கு நஷ்டம். அதே புளியைப் படிக்கல் தட்டின் அடியில் ஒட்டினால், முள் நேராக நிற்பதற்குக் கடைக்காரர் கூடுதல் சரக்கு போட வேண்டியிருக்கும். முடுக்குப் பெட்டி படிக்கல் பக்கம் ஒட்டிய புளி. முள் நேராக நிற்கிறது, கணினி திருப்தியாக இருக்கிறது, சரக்கு மட்டும் அதிகமாகப் போகிறது.

சரக்குச் சாக்கில் இருப்பு உள்ளவரை இந்த ஏமாற்று நடக்கும். சாக்கு தீர்ந்துவிட்டால்? நான்கு பேரோடு டிராக்டரை முந்தும்போது கணினி 1,600 பார் கேட்கிறது. பெட்டி 1,600 என்று சொல்ல வேண்டுமானால் ரெயிலில் 1,800-க்கு மேல் இருக்க வேண்டும். அந்தப் பம்பின் உச்சமே சுமார் 1,600தான். பம்ப் முழு மூச்சில் 1,600 கொடுத்தாலும் பெட்டி 1,400 என்று சேதி அனுப்புகிறது. கணினியின் கணக்கில் 200 பார் குறைகிறது. சில நொடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, `P0087` என்று பதிந்து விளக்கை ஏற்றி, எஞ்சினைக் காப்பதற்காக இழுவையையும் குறைத்துவிடுகிறது.

அழுத்தம் உச்சத்தில் இருக்கும் அதே கணத்தில் 'அழுத்தம் குறைவு' என்று விளக்கு எரிகிறது. இதைப் படித்துவிட்டுப் பம்பை மாற்றினால் புதுப் பம்பும் அதே இடத்தில் மூச்சு வாங்கும்.

இது கதையா, உண்மையா?

இதுவரை சொன்னது ஒரு ஊகம். பொருந்தி வருகிறது என்பதற்காக ஊகம் உண்மையாகிவிடாது. பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தாலும், டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே பிழைக்குறி, இதே நேரத்தில் வரும். ஆகவே ஊகத்தைச் சோதிக்க வேண்டும். எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் தம்பியோடு சேர்ந்து மூன்று படியாகச் செய்தோம்.

முதல் படி, எதையும் அழிக்காமல் படிப்பது. ஸ்கேனரைச் செருகியவுடன் 'அழி' பொத்தானை அழுத்திவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. பிழைக்குறி பதிவான கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கணினி கூடவே எழுதி வைக்கிறது. உறைநிலைப் பதிவு என்று அதைச் சொல்லலாம். அழித்தால் அதுவும் போய்விடும். எங்களுக்குக் கிடைத்த பதிவில் எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 2,900, சுமை 96 சதவீதம், வேகம் 78 கிலோமீட்டர், எஞ்சின் சூடு இயல்பு நிலை. முழுச் சுமையில் மட்டுமே வரும் கோளாறு என்று நண்பர் சொன்னது எண்ணாக உறுதியானது. திரையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் படி, பெட்டிக்கு முன்னும் பின்னும் அளப்பது. எஞ்சினை 2,500 சுழற்சியில் நிலையாக நிறுத்தி, மல்டிமீட்டரின் மெல்லிய ஊசியைக் கப்ளரின் பின்புறமாக நுழைத்துச் சேதிக் கம்பியைத் தொட்டோம். உணரியின் பக்கம் 2.02 வோல்ட். கணினியின் பக்கம் 1.83 வோல்ட். நடுவில் பெட்டி இல்லாவிட்டால் இந்த இரண்டும் ஒரே கம்பி, ஒரே எண் வர வேண்டும். கணக்குப் போட்டால் உண்மை அழுத்தம் சுமார் 685 பார், கணினி அறிந்தது சுமார் 600. எட்டில் ஒரு பங்கை யாரோ வழியில் எடுத்துக்கொள்கிறார்கள். முழுச் சுமையில் மட்டும் விழித்துக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு; அவற்றில் நின்ற இடத்தில் அளந்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டது 5 வோல்ட்டுக்குள் இருக்கும் சேதிக் கம்பியை மட்டும்தான். ரெயிலில் இருந்து போகும் இரும்புக் குழாய்களின் நட்டை எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும்.

மூன்றாம் படி, கழற்றுவதும் மறுபடி மாட்டுவதும். முதலில் பெட்டியோடு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, சாலை காலியாக இருந்த விடியற்காலையில் ஓட்டினோம். ஸ்கேனரில் 'கேட்ட அழுத்தம்', 'கிடைத்த அழுத்தம்' என்ற இரண்டு எண்களைப் பின் இருக்கையில் இருந்த தம்பி பார்த்துக்கொண்டே வந்தார். முழுச் சுமையில் கேட்டது 1,600, கிடைத்தது 1,390. விளக்கு எரிந்தது. சாவியை அணைத்து, பெட்டியின் இரண்டு கப்ளர்களையும் கழற்றி, உணரியின் கப்ளரைப் பழையபடி நேரடியாகச் செருகி, பிழைக்குறியை அழித்தோம். அதே ஆட்கள், அதே சாலை. கேட்டது 1,600, கிடைத்தது 1,585. விளக்கு எரியவில்லை. பம்ப் நன்றாக இருக்கிறது என்பதற்கும் அந்த 1,585தான் சாட்சி.

நண்பர் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் விடவில்லை. பெட்டியை மறுபடி மாட்டி ஓட்டினோம். 1,390-க்கு விழுந்தது, விளக்கு எரிந்தது. கழற்றியதால் கோளாறு போனது என்பது பாதிச் சான்றுதான். கழற்றும்போது கப்ளரை உருவிச் செருகினோமே, அதில் படிந்திருந்த அழுக்கு தேய்ந்து சரியாகியிருக்கலாம் அல்லவா? மறுபடி மாட்டி, கோளாறும் திரும்பி வந்தால் மட்டுமே பெட்டியின் மேல் பழி சொல்லலாம். மருந்தை நிறுத்திப் பார்த்து, மறுபடி கொடுத்துப் பார்க்கும் மருத்துவர் செய்வதும் இதைத்தான்.

தான் தூங்கி, வீட்டை விழிக்க வைத்தவன்

இனி ஏபிஎஸ் விளக்கு. அதுவும் பெட்டியின் வேலையாக இருக்கலாமே என்று தோன்றும். பெட்டியைக் கழற்றிய பிறகும் அது காலையில் வந்தது. ஒரே வண்டியில் இரண்டு விளக்கு எரிந்தால் குற்றவாளி ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஏபிஎஸ் கணினியில் பதிவாகியிருந்த பிழை, சக்கரத்தையோ பிரேக்கையோ பற்றியது அல்ல. மின்னழுத்தம் குறைந்துபோனது பற்றியது. எஞ்சின் கணினியிலும் `P0562` இருந்தது. அதுவும் மின்னழுத்தக் குறைவுதான். வெவ்வேறு இடத்தில் இருக்கும் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் ஒரே புகாரைச் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான ஊற்றைப் பார்க்க வேண்டும். இங்கே அது பேட்டரி. காலையில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. நல்ல பேட்டரி அந்த நேரத்திலும் 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். ஆக, இரவில் யாரோ பேட்டரியைக் குடிக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள, காருக்குள் இருக்கும் கணினிகள் தூங்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின், பிரேக், கதவு விளக்குகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணினி உண்டு. முறுக்கிய இரண்டு கம்பிகளில் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கேன் என்ற இந்தப் பேச்சு முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டியதும் எல்லாக் கணினிகளும் உடனே அணைந்துவிடுவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும்வரை பாட்டி விளக்கை அணைக்க மாட்டாரே, அதுபோல. எல்லாம் அடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே ஒவ்வொன்றாகத் தூங்கும். அதற்குச் சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரம் வரை ஆகும். தூங்கிய வண்டி 0.05 ஆம்பியருக்குள் எடுத்தால் இயல்பு.

பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றி, நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்தோம். மீட்டர் இணைத்திருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுற்றக் கூடாது, மீட்டர் கருகிவிடும். கதவைத் திறந்து வைத்தே ஃபியூஸ் பெட்டியை எட்ட வேண்டியிருந்ததால், கதவின் பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடியதுபோல் ஆக்கினோம். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். 0.45 ஆம்பியருக்குக் கீழே இறங்கவே இல்லை. இரண்டு நாளுக்கு இது ஏறத்தாழ 22 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணிப் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

எல்லோரும் கை காட்டியது ஜிபிஎஸ் டிராக்கரை. இரவு பகலாக வேலை செய்வது அதுதான் என்பதால் சந்தேகம் இயல்பானதே. கழற்றினோம். 0.43 ஆனது. அது எடுத்தது 0.02தான். அதைத் திரும்ப மாட்டிவிட்டுத் தேடலைத் தொடர்ந்தோம்.

அடுத்து ஃபியூஸ்கள். ஃபியூஸைப் பிடுங்கினால் தூங்கும் கணினி விழித்துக்கொள்ளும், கணக்கு குழம்பும். பிடுங்காமலே அளக்க ஒரு வழி இருக்கிறது. ஃபியூஸின் தலையில் இரண்டு சின்னப் புள்ளியாக உலோகம் வெளியே தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட்டால், அதன் வழியே மின்சாரம் ஓடினால் மிகச் சிறிய மின்னழுத்தம் தெரியும். சின்ன வகை 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் என்றால் சுமார் 0.13 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்ளலாம். ஒவ்வொன்றாகத் தொட்டு வந்ததில், கதவையும் உள்விளக்கையும் பார்த்துக்கொள்ளும் கணினியின் ஃபியூஸில் மட்டும் சுமார் 3 மில்லிவோல்ட் காட்டியது. குடிப்பவர் அங்கே இருக்கிறார்.

ஆனால் அது கம்பெனியிலிருந்தே வந்த கணினி. அது ஏன் தூங்கவில்லை? அலாரத்தின் சொந்தக் கம்பியை அளந்தால் வெறும் 0.02 ஆம்பியர்தான் எடுத்துக்கொண்டிருந்தது. அளவை மட்டும் பார்த்தால் அலாரம் குற்றமற்றது. இருந்தாலும் அலாரத்தின் பெரிய கப்ளரை உருவிப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் மொத்த அளவு 0.04-க்கு இறங்கியது. தான் கொஞ்சமே சாப்பிட்டு, அடுத்தவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது அலாரம்.

அந்தக் கப்ளரில் பத்துக் கம்பிகள். ஒவ்வொன்றாகப் பார்க்காமல் பாதி பாதியாகப் பிரித்தோம். ஐந்தைத் துண்டித்தால் சரியாகிறதா? ஆகிறது. அந்த ஐந்தில் இரண்டை மட்டும் துண்டித்தால்? ஆகவில்லை. மீதி மூன்றில் ஒன்று. இப்படி நான்கு முறைக்குள் பத்தில் ஒன்றைப் பிடித்துவிடலாம். சிக்கியது பச்சைக் கம்பி. டிரைவர் கதவின் சுவிட்ச் கம்பியில் அதைச் சுற்றி, இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார்கள்.

கதவு திறந்தால் அந்தச் சுவிட்ச் கம்பி எர்த்தோடு சேர்ந்து அதன் வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கும். கணினி அதைப் பார்த்து 'கதவு திறந்திருக்கிறது' என்று அறியும். அலாரமும் அதே கம்பியை ஒட்டுக்கேட்கிறது. ஒட்டுக்கேட்பதோடு நின்றால் தொல்லை இல்லை. வயதான அலாரத்தின் உள்ளே கசிவு ஏற்பட்டு, அந்தக் கம்பியை அது தானே எர்த் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கதவு மூடியிருந்தும் கணினிக்குத் திறந்ததாகவே சேதி. உள்விளக்கு குறிப்பிட்ட நேரத்தில் தானாக அணைந்துவிடுவதால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பாட்டி மட்டும் கடைசிப் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டே இருந்தார்.

முடுக்குப் பெட்டி அழுத்த உணரியின் குரலில் பேசியது. அலாரம் கதவு சுவிட்சின் குரலில் பேசியது. இரண்டிலும் பழி விழுந்தது வேறு பாகங்களின் மேல்.

தீர்வு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் விலையுள்ள ஒரு டையோடு. பாகூர் பக்கம் வயல்களில் மோட்டார் குழாயின் அடியில் ஃபுட் வால்வு வைப்பார்களே, தண்ணீர் மேலே ஏறலாம், திரும்ப இறங்க முடியாது. டையோடு மின்சாரத்துக்கு ஃபுட் வால்வு. `1N4007` என்ற எண்ணுள்ள ஒன்றை, அதன் வெள்ளிக் கோடு கதவு சுவிட்ச் பக்கம் இருக்குமாறு பச்சைக் கம்பியின் நடுவே பற்றவைத்தார் தம்பி. இனிக் கதவு திறந்தால் அலாரத்துக்குத் தெரியும். அலாரம் கசிந்தாலும் அது கதவுக் கம்பியை இழுக்க முடியாது. கோட்டைத் திருப்பி வைத்தால் இரண்டுமே நடக்காது. அலாரம் செவிடாகிவிடும், கசிவும் தொடரும். டேப்பைப் பிரித்துவிட்டு எல்லா இணைப்புகளையும் ஈயம் வைத்துப் பற்றி, சுருங்கும் குழாய் போட்டு மூடினார். எல்லாக் கருவிகளும் மாட்டியிருக்க, மீட்டர் 0.06 காட்டியது. இரண்டு நாளுக்கு 3 ஆம்பியர் மணி கூட இல்லை.

எத்தனை நாள் பார்த்தால் போதும்?

மறுநாள் காலை விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த காலையும் எரியவில்லை. மூன்றாம் நாள் நண்பர் இனிப்போடு வந்துவிட்டார். நான் இன்னும் ஐந்து நாள் பொறுக்கச் சொன்னேன். காரணம் ஒரு சின்னக் கணக்கு.

ஏபிஎஸ் விளக்கு அதற்கு முன் தினமும் வரவில்லை. மூன்று காலைகளில் ஒரு காலை என்ற விகிதத்தில்தான் வந்தது. அப்படியானால் எதையும் பழுதுபார்க்காவிட்டாலும், ஒரு நாள் வராமல் இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு உண்டு. தொடர்ந்து மூன்று நாள் வராமல் இருக்க, மூன்றில் இரண்டை மூன்று முறை பெருக்க வேண்டும்: 27-இல் 8. கிட்டத்தட்ட 30 சதவீதம். தாயம் உருட்டுகிறவர்களுக்குத் தெரியும், 30 சதவீதம் என்பது சர்வசாதாரணமாக விழும். பழுது தீராதபோதும் மூன்று நாள் அமைதியை வைத்துத் தீர்ந்தது என்று சொல்லி, பத்து முறையில் மூன்று முறை ஏமாந்துபோவோம். எட்டு நாள் தொடர்ந்து வராமல் இருந்தால் அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வண்டியை நிறுத்தும் பழக்கத்தையும் மாற்றாமல் இருக்க வேண்டும். தினமும் நீண்ட தூரம் ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருந்தால் எட்டு நாளும் வீண்.

எஞ்சின் விளக்குக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. சில பிழைகளைக் கணினி ஒருமுறை பார்த்ததும் விளக்கை ஏற்றும். சிலவற்றை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பார்த்த பிறகே ஏற்றும். கருவியைக் கழற்றிவிட்டுத் தெருவை ஒரு சுற்று சுற்றி, 'விளக்கு வரவில்லை' என்று சொல்வது எதையும் நிரூபிக்காது. உறைநிலைப் பதிவில் இருந்த அதே சுமை, அதே வேகத்தைத் திரும்ப உண்டாக்கிப் பார்க்க வேண்டும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. கருவியைக் கழற்றிய பிறகும் கோளாறு நீடித்தால், ஒன்று அந்தக் கருவி குற்றமற்றது, அல்லது ஏற்கெனவே சேதம் செய்துவிட்டது. வருடக்கணக்கில் கூடுதல் அழுத்தத்தில் ஓடிய பம்ப் உண்மையாகவே தேய்ந்திருக்கலாம். பெட்டி போனாலும் தேய்மானம் போகாது. ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ, வெளியில் மாட்டிய கருவியின் கம்பி மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் கம்பிகளுக்குப் பக்கத்தில் போவது தெரிந்தாலோ, மல்டிமீட்டரோடு அங்கே போகக் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரத்தால் ஏர்பேக் வெடிக்கும் ஆபத்து உண்டு. அதற்குரிய கருவியும் பயிற்சியும் உள்ளவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலை, எட்டுக் கட்டங்களிலும் 'இல்லை' என்று எழுதிய காலண்டர் தாளோடு நண்பர் வந்தார். பெட்டி இல்லாத வண்டி முன்போலச் சீறவில்லை என்பதையும் சொன்னார். முன்பு சீறியது அந்த எட்டில் ஒரு பங்குப் பொய்யால்தான். அலாரத்தை அவர் வைத்துக்கொண்டார். கறுப்புப் பெட்டியை வைத்துக்கொள்ளவில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம் தம்பி ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். அலாரத்தின் பத்துக் கம்பிகளும் எந்த நிறம், வண்டியின் எந்தக் கம்பியில் எந்த இடத்தில் சேர்கிறது, டையோடு எங்கே இருக்கிறது, டிராக்கருக்கும் கேமராவுக்கும் மின்சாரம் எந்த ஃபியூஸிலிருந்து வருகிறது. கருவியை மாட்டிய நாளில் யாராவது இதை எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அந்தத் தாள் இப்போது ஆர்சி புத்தகத்தோடு டேஷ்போர்டு அறையில் இருக்கிறது.